டிராக் அலாங், டேக் அலாங்: 8 சதவீதம் வைத்திருப்பவர் கையெழுத்துக்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கேள்வி: “ஒரு தனியார் நிறுவனத்தில் 8 சதவீதப் பங்கு வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு முதலீட்டாளர் வருகிறார். அதனால் எல்லோரும் புதிய பங்குதாரர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். அதில் டிராக் அலாங், டேக் அலாங் என்று இரண்டு ஷரத்துகள் இருக்கின்றன. ‘எல்லா ஒப்பந்தத்திலும் வருவதுதான், இரண்டுமே உங்களுக்குப் பாதுகாப்பு’ என்கிறார் நிறுவனர். கையெழுத்துப் போட்டால் என் சம்மதம் இல்லாமலே என் பங்கை விற்றுவிட முடியுமா? அதே விலைதான் எனக்கும் கிடைக்கும் என்கிறார்களே, அது போதாதா?”

முடியும். நீங்கள் இன்று போடும் கையெழுத்துதான் அந்தச் சம்மதம். விற்கும் நாளில் உங்களை மறுபடி கேட்க மாட்டார்கள், தகவல்தான் சொல்வார்கள். ‘அதே விலை’ என்பதும் போதாது. ஏன் போதாது என்பதுதான் இந்த விஷயத்திலேயே முக்கியமான பகுதி. இத்தகைய ஒப்பந்தங்களை எழுதுவதும், அடுத்தவர் எழுதியதைப் படித்துத் திருத்துவதுமாக இருபது வருடம் போயிருக்கிறது. சிறுபான்மைப் பங்குதாரர்கள் ஏமாந்ததை நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் விலை சரியாகவே எழுதப்பட்டிருந்தது. விலையைச் சுற்றியிருந்த வரிகளில்தான் பணம் போனது.

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்வோம். பெரிய பங்குதாரர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கும்போது, “நானும் கூட வருகிறேன், என் பங்கையும் அதே பேரத்தில் வாங்கச் சொல்” என்று நீங்கள் கேட்கும் உரிமை டேக் அலாங். அது உங்களுக்கானது. வேண்டுமென்றால் பயன்படுத்தலாம், வேண்டாமென்றால் பேசாமல் இருக்கலாம். பெரிய பங்குதாரர் விற்கும்போது, “நீயும் விற்றாக வேண்டும்” என்று உங்களை இழுத்துப் போகும் உரிமை டிராக் அலாங். அது அவருக்கானது. நிறுவனர் இரண்டையும் சேர்த்துப் பாதுகாப்பு என்று சொன்னது பாதி சரி. ஆனால் டிராக் இருப்பதே தவறு என்று நினைக்க வேண்டாம். நிறுவனத்தை வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் முழு நூறு சதவீதத்தையும் கேட்பார்கள். 8 சதவீதம் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் கடைசி நேரத்தில் மறுத்து மொத்த பேரத்தையும் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக வந்த ஷரத்து இது. முதலீட்டாளர் இதைக் கேட்பது நியாயம்தான். எந்த நிபந்தனைகளோடு கேட்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பேசுவோம். நிறுவனத்தில் மொத்தம் 10,000 பங்குகள். நிறுவனரிடம் 5,200, முதலீட்டாளரிடம் 3,000, உங்களிடம் 800, மற்ற சிறு பங்குதாரர்களிடம் 1,000. முதலீட்டாளர் 15 கோடி போட்டிருக்கிறார். எந்த நாணயம் என்பதை விட்டுவிடுகிறேன், கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

டேக் அலாங்கை முதலில் பார்ப்போம். நிறுவனர் தன் பங்கில் பாதியை, அதாவது 2,600 பங்கை, ஒரு வெளியாளுக்கு விற்கப் போகிறார். வாங்குபவருக்கு வேண்டியது அந்த 2,600 மட்டும்தான். டேக் உரிமை எல்லோருக்கும் இருந்து எல்லோரும் பயன்படுத்தினால், அந்த 2,600 இடத்தை எல்லோரும் தங்கள் விகிதப்படி பகிர்ந்துகொள்வார்கள். உங்கள் பங்கு 8 சதவீதம், ஆக 208 பங்குகளை நீங்கள் விற்கலாம். நிறுவனர் 2,600 விற்க நினைத்த இடத்தில் 1,352 தான் விற்க முடியும். மீதமுள்ள 592 பங்குகளோடு நீங்கள் உள்ளேயே இருப்பீர்கள், பக்கத்தில் நீங்கள் தேர்ந்தெடுக்காத ஒரு புதிய பங்குதாரர் இருப்பார். விகித டேக் என்பது இவ்வளவுதான். சிறு சிறு விற்பனைகளுக்கு இது போதும்.

ஆனால் நிறுவனத்தின் பிடியே கைமாறும்போது 208 பங்கை விற்று என்ன பயன்? நீங்கள் நம்பி வந்த ஆள் போய்விட்டார், மீதி 592 பங்கை வாங்க யாரும் இல்லை. அதனால் கட்டுப்பாடு மாறும் விற்பனையில் உங்கள் 800 பங்கையும் விற்கும் முழு டேக் வேண்டும். இதைப் பல ஒப்பந்தங்களில் தருகிறார்கள். எப்போது அது விழித்துக்கொள்ளும் என்று எழுதும் வரியில்தான் சிக்கல். “ஒரு விற்பனையில் நிறுவனத்தின் 50 சதவீதத்துக்கு மேல் கைமாறினால் முழு டேக்” என்று எழுதியிருந்தால், நம் கணக்கில் நிறுவனர் விற்பது 26 சதவீதம்தான். ஷரத்து தூங்கிக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து மீதி 26 சதவீதத்தையும் அதே ஆளுக்கு விற்பார், அப்போதும் தூங்கும். இரண்டு நடையில் பிடி முழுவதும் கைமாறிவிட்டது, உங்களுக்கு ஒருமுறைகூட முழு டேக் கிடைக்கவில்லை. இப்படி வராமல் இருக்க, சதவீதத்தை மட்டும் நம்பாமல், “நிறுவனரின் பங்கு 50 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, வேறு ஒருவர் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் நிலைக்கு வந்தாலோ, அது ஒரே விற்பனையிலோ தொடர்புள்ள பல விற்பனைகளிலோ நடந்தாலும்” என்று எழுத வைக்க வேண்டும். நிறுவனர் தன் பங்கை நேரடியாக வைத்திருக்கிறாரா, அல்லது தன் சொந்த நிறுவனம் ஒன்றின் பெயரிலா என்றும் கேளுங்கள். சொந்த நிறுவனத்தின் பெயரில் என்றால், அந்த மேல் நிறுவனத்தையே விற்றுவிடலாம். உங்கள் நிறுவனத்தின் ஒரு பங்குகூட அசையாது, பிடி மட்டும் மாறிவிடும். மறைமுக விற்பனையும் இதில் அடங்கும் என்று ஒரு வரி இருந்தால் அந்தக் கதவும் மூடும்.

டேக் ஷரத்துக்குப் பல் இருக்கிறதா என்பதை ஒரே கேள்வியில் கண்டுபிடிக்கலாம்: வாங்குபவர் “உன் பங்கு எனக்கு வேண்டாம்” என்று சொன்னால் என்ன ஆகும்? வாங்குபவர் உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் இல்லை, அவரை நீங்கள் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே கட்டாயம் விற்பவர் மேல் இருக்க வேண்டும். வாங்குபவர் உங்கள் பங்கை வாங்கவில்லையென்றால் நிறுவனரும் விற்கக் கூடாது, அல்லது அதே விலைக்கு நிறுவனரே உங்கள் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாமல், “வாங்குபவரை வாங்க வைக்க நியாயமான முயற்சி எடுப்பார்” என்று மட்டும் இருந்தால், உங்களிடம் இருப்பது உரிமை இல்லை, ஒரு நல்லெண்ணம்.

அறிவிப்புக் காலத்தையும் கவனியுங்கள். விற்பவர் அறிவிப்பு அனுப்பியதிலிருந்து 15 அல்லது 30 நாளில் நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்றிருக்கும். சொல்லாவிட்டால் டேக் வேண்டாம் என்று அர்த்தம். என்னிடம் வந்த ஒருவருக்கு அருமையான முழு டேக் இருந்தது. அறிவிப்பு அவர் நான்கு வருடத்துக்கு முன் பயன்படுத்திய மின்னஞ்சலுக்குப் போயிருந்தது, ஒப்பந்தத்தில் அந்த முகவரிதான் இருந்தது. அவர் பார்த்தபோது கெடு முடிந்து ஒன்பது நாள். எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்னொருவருக்கும் இப்படி ஆகக் கூடாது என்பதால்தான் சொல்கிறேன்: அறிவிப்பு மின்னஞ்சலோடு பதிவுத் தபாலிலும் வர வேண்டும் என்று கேளுங்கள், முகவரி மாறினால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

சரி, இப்போது டிராக். யார் இழுக்கலாம் என்பது முதல் கேள்வி. நிறுவனரும் முதலீட்டாளரும் சேர்ந்து, அதாவது 82 சதவீதம் சேர்ந்து இழுக்கலாம் என்றால் ஓரளவு நிம்மதி. ஏனென்றால் நிறுவனரும் உங்களைப் போலச் சாதாரணப் பங்குதான் வைத்திருக்கிறார், தனக்கு நஷ்டம் வரும் பேரத்துக்கு அவர் எளிதில் தலையாட்ட மாட்டார். ஐந்து வருடத்துக்குப் பிறகு முதலீட்டாளர் தனியாகவே இழுக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பல ஒப்பந்தங்களில் இருக்கும். இருந்தால், இனி சொல்லப்போகும் கணக்கு உங்களுக்கு மிகவும் நெருக்கமானது. யாருக்கு விற்கிறார்கள் என்பதும் அதேபோலத்தான். இழுப்பவரின் சொந்தக்காரருக்கோ, அவர் பங்கு வைத்திருக்கும் இன்னொரு நிறுவனத்துக்கோ விற்பது விற்பனையே இல்லை, உங்களை வெளியேற்றும் வழி. தொடர்பில்லாத மூன்றாம் நபருக்கு விற்கும்போது மட்டுமே டிராக் செல்லும் என்று எழுதியிருக்க வேண்டும்.

இப்போது அந்த ‘அதே விலை’. ஷரத்தை நன்றாகப் படித்தால் பெரும்பாலும் “அதே வகைப் பங்குக்கு அதே விலை” என்றிருக்கும். உங்களிடம் இருப்பது சாதாரணப் பங்கு. முதலீட்டாளரிடம் இருப்பது பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு. நிறுவனம் விற்கப்பட்டால் போட்ட பணத்தை அவர் முதலில் எடுத்துக்கொள்வார், மீதியில்தான் மற்றவர்களுக்கு. இதை லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் என்பார்கள். பெயரைப் பார்த்து நிறுவனம் திவாலாகிக் கலைக்கப்படும்போது மட்டும் வருவது என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல விலைக்கு விற்கும்போதும் இதே வரிசைதான்.

நிறுவனம் 40 கோடிக்கு விற்கப்படுகிறது என்று வைப்போம். 8 சதவீதம் என்றால் 3.2 கோடி வரும் என்று மனக்கணக்குப் போடுவீர்கள். முதலீட்டாளருக்கு இரண்டு வழி: போட்ட 15 கோடியை எடுக்கலாம், அல்லது சாதாரணப் பங்காக மாற்றி 30 சதவீதமான 12 கோடியை எடுக்கலாம். 15 கோடியைத்தான் எடுப்பார். மீதி 25 கோடி, அதைப் பகிர 7,000 பங்குகள். உங்கள் 800 பங்குக்கு ஏறக்குறைய 2.86 கோடி. இது மென்மையான வகை. கடுமையான வகை ஒன்று உண்டு. 15 கோடியை எடுத்த பிறகும் மீதியில் தன் 30 சதவீதத்தையும் கேட்கும் உரிமை, இதைப் பார்ட்டிசிபேட்டிங் என்பார்கள். அப்போது மீதி 25 கோடியில் உங்களுக்கு 8 சதவீதம், வெறும் 2 கோடி. விற்ற விலை ஒன்று, பங்குகளின் எண்ணிக்கையும் ஒன்று. ஒரே ஒரு சொல் மாறியதில் 86 லட்சம் குறைந்துவிட்டது.

விலை இறங்கினால் நிலைமை இன்னும் வேகமாக மாறும். மென்மையான வகையிலேயே, 20 கோடிக்கு விற்றால் மீதி 5 கோடி, உங்களுக்கு 57 லட்சம். 16 கோடிக்கு விற்றால் சுமார் 11 லட்சம். 15 கோடிக்கு விற்றால் ஒன்றுமில்லை. ஆனால் முதலீட்டாளருக்கு 20 கோடியானாலும் 15 கோடியானாலும் கிடைப்பது அதே 15 கோடிதான். 15 கோடி தருபவர் இன்றே தயாராக இருந்து, 20 கோடி தருபவர் ஆறு மாதம் கழித்துத்தான் வருவார் என்றால், முதலீட்டாளருக்குக் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. அவர் கெட்டவர் என்பதால் இல்லை. அவர் கணக்கும் உங்கள் கணக்கும் அந்த இடத்தில் பிரிந்துவிடுகின்றன. மறுபக்கம், 50 கோடிக்கு மேல் விலை போனால் 30 சதவீதமே 15 கோடியைத் தாண்டும், அவரும் சாதாரணப் பங்காக மாற்றிக்கொள்வார், உங்களுக்கு முழு 8 சதவீதம் கிடைக்கும். அதற்குக் கீழே உள்ள விலைகளில்தான் உங்களுக்குப் பாதுகாப்பு தேவை.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. அமெரிக்காவில் டிராடோஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் நிறுவனம் 2005-ல் 6 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அதில் நிர்வாகிகளுக்கான ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு 78 லட்சம் டாலர் போனது. மீதி ஏறக்குறைய 5.22 கோடி டாலர் முழுவதும் முன்னுரிமைப் பங்குதாரர்களுக்குப் போனது. சாதாரணப் பங்கு வைத்திருந்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அங்கே டிராக் ஷரத்தால் இல்லை, நிறுவன இணைப்பின் வழியாக நடந்தது, ஆனால் பணம் ஓடிய வரிசை இதேதான். ஒரு சாதாரணப் பங்குதாரர் வழக்குப் போட்டார். 2013-ல் டெலவேர் நீதிமன்றம், விற்பனையை நடத்திய விதம் நியாயமாக இல்லை என்று சொன்னது. இருந்தும் விற்பனைக்கு முன்பே சாதாரணப் பங்குக்கு மதிப்பு எதுவும் இல்லாததால் கிடைத்த பூஜ்யம் நியாயமான விலைதான் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் வழக்கு இது.

இதற்கு மருந்து, டிராக்குக்கு ஒரு குறைந்தபட்ச விலை. ஆனால் அதை எதன்மேல் வைக்கிறீர்கள் என்று கவனியுங்கள். “நிறுவனத்தின் மதிப்பு 40 கோடிக்குக் குறையாமல் இருந்தால்தான் இழுக்கலாம்” என்று வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 40 கோடி கடனைக் கழிப்பதற்கு முந்தைய மதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு 12 கோடி கடன் இருந்தால் பங்குதாரர்கள் கையில் வருவது 28 கோடி. முதலீட்டாளர் 15 எடுத்த பின் மீதி 13 கோடி. உங்களுக்கு 1.49 கோடிக்கும் சற்றுக் குறைவு. 40 கோடி என்ற நிபந்தனை எழுத்தளவில் நிறைவேறிவிட்டது, உங்கள் கையில் மனக்கணக்கில் பாதிகூட வரவில்லை. அதனால் குறைந்தபட்ச விலையை நிறுவனத்தின் மேல் வைக்காமல் உங்கள் பங்கின் மேல் வையுங்கள்: “சாதாரணப் பங்கு ஒன்றுக்கு, எல்லாம் கழித்த பின், ரொக்கமாக இன்ன தொகைக்குக் குறையாமல் கிடைத்தால் மட்டுமே டிராக்.” ரொக்கமாக என்ற சொல்லும் தேவை. வாங்குபவர் தன் நிறுவனத்தின் பங்குகளைக் கொடுத்தால், சந்தையில் விற்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டு விற்க முடியாத இன்னொன்றை வாங்கியவராகிவிடுவீர்கள்.

விலைக்கு அடுத்து, எனக்கு அதிகம் பயம் தருவது பொறுப்பு. நிறுவனத்தை வாங்குபவர் பல உறுதிமொழிகளைக் கேட்பார்: வரி பாக்கி இல்லை, வழக்கு இல்லை, கணக்குகள் உண்மை, இப்படி. அவற்றில் ஒன்று பொய்யானால் விற்றவர்கள் இழப்பீடு கொடுக்க வேண்டும். டிராக் ஷரத்தில் “மற்ற விற்பவர்களின் அதே நிபந்தனைகளில்” என்று ஒரு சொற்றொடர் வரும். பார்க்கச் சமத்துவம் போல இருக்கும். ஆனால் விற்பவர்கள் எல்லோரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று விற்பனைப் பத்திரத்தில் இருந்தால் என்ன ஆகும் பாருங்கள். விற்ற இரண்டு வருடத்துக்குப் பிறகு 6 கோடிக்கு ஒரு பழைய வரிக் கோரிக்கை வருகிறது. நிறுவனர் பணத்தை எங்கோ போட்டுவிட்டார், முதலீட்டாளரின் நிதி மூடப்பட்டுவிட்டது. வாங்குபவர் அந்த முழு 6 கோடியையும் உங்களிடம் கேட்கலாம். நீங்கள் பெற்றது 2.86 கோடி. நீங்கள் நடத்தாத, கணக்கைப் பார்க்காத, விற்க விரும்பாத ஒரு நிறுவனத்துக்காகச் சொந்தக் காசு கொடுக்கும் நிலை. இதற்கு மூன்று வரிகள் போதும். உங்கள் உறுதிமொழி, பங்கு உங்களுடையதுதான், அதன்மேல் அடமானம் இல்லை, விற்க உங்களுக்கு அதிகாரம் உண்டு என்பவற்றோடு நிற்க வேண்டும். நிறுவனத்தைப் பற்றிய உறுதிமொழிகளில் பொறுப்பு ஏற்றே ஆக வேண்டும் என்றால், அது உங்கள் விகித அளவுக்கு, தனியாக மட்டும். எந்த நிலையிலும் நீங்கள் உண்மையில் பெற்ற தொகைக்கு மேல் போகக் கூடாது. விலையில் ஒரு பகுதியை மூன்றாம் நபரிடம் எஸ்க்ரோவாக நிறுத்தி வைப்பதும் வழக்கம்தான். அதுவும் எல்லோரிடமும் விகிதப்படி பிடிக்கப்பட வேண்டும்.

பக்கத்தில் ஓடும் பணத்தையும் மறந்துவிடாதீர்கள். வாங்குபவர் 40 கோடி கொடுக்க நினைத்திருக்கலாம். அதை 36 கோடி பங்கு விலை, 4 கோடி நிறுவனருக்குப் “போட்டித் தொழில் செய்யாமல் இருப்பதற்கான கட்டணம்” என்று பிரித்தால், அந்த 4 கோடி பங்கீட்டுக்கே வராது. நிறுவனர் இரண்டு வருடம் தங்கி வேலை செய்வதற்குச் சந்தைச் சம்பளம் வாங்கினால் அதில் தவறில்லை. ஆனால் பங்குக்கான விலையே வேறு பெயரில் அவருக்குப் போகக் கூடாது. “எந்தப் பெயரில் கொடுக்கப்பட்டாலும், உண்மையான வேலைக்கான நியாயமான ஊதியம் தவிர மற்றதெல்லாம் விலையின் பகுதி” என்று டிராக், டேக் இரண்டிலும் இருக்க வேண்டும். அப்புறம், இழுக்கப்படும் நீங்கள் போட்டித் தொழில் தடையில் கையெழுத்துப் போடத் தேவையில்லை என்றும் எழுதச் சொல்லுங்கள். அதே துறையில் நீங்கள் வேலை செய்பவரென்றால், பிழைப்பே அதில் சிக்கிக்கொள்ளும்.

டிராக் ஷரத்தின் கடைசியில் ஒரு பத்தியில், நீங்கள் கையெழுத்துப் போட மறுத்தால் உங்கள் சார்பில் நிறுவனமோ ஓர் இயக்குநரோ கையெழுத்துப் போடலாம் என்று பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்திருப்பீர்கள். இதை முழுவதும் எடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் விற்பனைப் பத்திரத்தின் நகலோடு முறையான அறிவிப்பு வந்து, கெடு முடிந்து, உங்கள் பணம் உங்கள் பெயரில் செலுத்தப்பட்ட பிறகுதான் அந்த அதிகாரம் உயிர்பெறும் என்று வரிசையை எழுத வைக்கலாம். இந்த வரிசைக்கு மதிப்பு உண்டு. ரிவர்ஸ்டோன் என்ற நிறுவனத்தைப் பற்றி 2015-ல் டெலவேரில் வந்த தீர்ப்பில், நிறுவனம் விற்பனையை முடித்துவிட்டுப் பிறகுதான் சிறுபான்மையினருக்கு டிராக் அறிவிப்பு அனுப்பியது. ஷரத்து நடக்கப்போகும் விற்பனைக்குத்தான் பொருந்தும், முடிந்துபோன விற்பனைக்கு இல்லை என்று நீதிமன்றம் சொல்லி, நியாய மதிப்பைத் தானே நிர்ணயிக்கக் கேட்கும் அவர்களின் உரிமையைக் காப்பாற்றியது.

இதுவரை சொன்ன கணக்குகள் உறுதியானவை, எந்த நாட்டிலும் மாறாது. நீதிமன்றம் எப்படி அமல்படுத்தும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நிறுவனம் எங்கே பதிவானது என்று நீங்கள் சொல்லவில்லை. இந்தியாவில் என்றால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ரங்கராஜ் வழக்கு, ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள் நடத்திய தனியார் நிறுவனத்தைப் பற்றியது. பங்கை எந்தக் கிளைக்குள் விற்க வேண்டும் என்று அவர்களுக்குள் ஓர் உடன்பாடு இருந்தது, ஆனால் நிறுவனத்தின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் அசோசியேஷனில் அது எழுதப்படவில்லை. ஆர்ட்டிகிள்ஸில் இல்லாத தடை நிறுவனத்தையும் கட்டுப்படுத்தாது, பங்குதாரர்களையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு வந்தது. 2012-ல் வோடஃபோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கருத்தோடு உடன்படவில்லை என்று குறிப்பிட்டது. ஆனால் அந்த வழக்கின் மையக் கேள்வி வரி. அதனால் எது செல்லும் என்பதில் இன்னும் இரண்டு விதமாக வாதிட இடம் இருக்கிறது. அந்த வாதத்துக்குள் நீங்கள் போகவே தேவையில்லை. டேக், டிராக் ஷரத்துகளை அப்படியே ஆர்ட்டிகிள்ஸிலும் சேர்க்கச் சொல்லுங்கள். டிராக் தன்னைக் காக்க வேண்டும் என்பதற்காக முதலீட்டாளரின் வழக்கறிஞரே அதைக் கேட்பார். அவர் கேட்கும்போது டேக்கும் முழுதாக உள்ளே போகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

8 சதவீதத்தை வைத்து இவ்வளவையும் கேட்டு வாங்க முடியுமா? எல்லாமே கிடைக்காது. என் அனுபவத்தில் பொறுப்பு வரம்பு எளிதாகக் கிடைக்கும், நியாயமான எதிர்த்தரப்பு அதை மறுப்பதில்லை. முழு டேக்கும், தொடர்பில்லாத வாங்குபவர் என்ற நிபந்தனையும் கொஞ்சம் பேசினால் கிடைக்கும். பங்குக்கான குறைந்தபட்ச விலைதான் கஷ்டம். எல்லாக் காலத்துக்கும் கிடைக்காவிட்டால், முதல் மூன்று வருடத்துக்காவது கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், நிறுவனரும் சம்மதித்தால்தான் முதலீட்டாளர் இழுக்க முடியும் என்பதையாவது கேளுங்கள், நிறுவனரின் கணக்கு உங்கள் கணக்கோடு சேர்ந்தே ஓடும்.

கையெழுத்துக்கு முன் நிறுவனத்திடம் பங்குப் பட்டியலையும், முதலீட்டாளரின் பங்கு உரிமைகள் எழுதிய அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் உங்களுக்கு அதைக் காட்ட மறுக்கக் காரணமில்லை. அவர் போட்ட தொகை, அதைப் போல இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு என்று மூன்று விற்பனை விலைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். உங்கள் ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை, எனவே எந்த வரி உங்களைக் கடிக்கும் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. டிராக் ஷரத்தில் “அதே வகை” என்ற சொல் வரும் வரியையும், பார்ட்டிசிபேட்டிங் என்ற சொல் எங்காவது வருகிறதா என்பதையும் பெயர்களை நீக்கிவிட்டு இங்கே எழுதினால், அந்த இரண்டு வரிக்கு மட்டும் என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியும்.